ஷீட் சப்ளையர் தந்த டேட்டா ஷீட் டெண்டரோடு ஒத்துப்போகவில்லையா?

பாளைத்தம்பி: பாளையங்கோட்டையில் ஒரு சின்ன பள்ளிக் கட்டடம், மொட்டை மாடி 3,000 சதுர அடி. நீர்க்கசிவைத் தடுக்க டெண்டரில் எழுதியிருப்பது: ஏ.பி.பி. தார் ஷீட், 4 மி.மீ., உள்ளே பாலியஸ்டர். இழுவிசை 5 செ.மீ. அகலத்துக்கு நீளவாக்கில் 800, குறுக்கே 600 நியூட்டன், நீட்சி 40 சதவீதம். சப்ளையர் தந்த தாளில் இழுவிசை மீட்டருக்கு நீளவாக்கில் 8, குறுக்கே 5 கிலோநியூட்டன், நீட்சி 3 சதவீதம், எடை சதுர மீட்டருக்கு 4 கிலோ. “அலகு மட்டும்தான் வேற, சரக்கு அதேதான்” என்கிறார். சரிதானா?

களக்காட்டான்: அலகை மாற்றினால் சரியாகத்தான் வரும் தம்பி. நம்ம ஊர் வெயிலுக்கு உருகுநிலையைப் பாரும், 150 டிகிரி இருந்தா போதும்.

அம்பைவாசி: எங்க வீட்டில் தட்டோடு போட்டும் 2023 டிசம்பர் மழையில் கசிந்தது. அதுக்கு மேலேயே இந்த ஷீட்டை ஒட்டலாமா?

சைட் அண்ணாச்சி: அம்பைக்காரரே, தட்டோட்டு இடுக்கில் நீர் தேங்கியிருந்தால் வெயிலில் ஷீட் கொப்பளிக்கும். இதைத் தனிக் கேள்வியாகப் போடும், பேசுவோம்.

தம்பி, அலகை மாற்றியே பார்ப்போம். 1 மீட்டருக்கு 8,000 நியூட்டன் என்றால் அதில் இருபதில் ஒரு பங்கான 5 செ.மீ.க்கு 400. குறுக்கே 250. கேட்டதில் பாதியும், பாதிக்குக் கீழும்தான். நீட்சி 3 என்பதுதான் குட்டை உடைக்கிறது: உள்ளே இருப்பது கண்ணாடி இழை, பாலியஸ்டர் இல்லை. கண்ணாடி இழை நீளாது. பகலில் கொதித்து, மழை விழுந்ததும் சுருங்கும் தளத்தில் ஒரு விரிசல் திறந்தால், ஷீட்டும் அந்த இடத்திலேயே கிழியும். உருகுநிலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைக் காப்பாற்றாது, களக்காட்டாரே.

துண்டு கேட்டு வாங்கி டார்ச்சில் சுட்டுப் பாருங்கள். தார் ஓடிய பிறகும் வலை வெள்ளையாக நின்றால் கண்ணாடி. சுருண்டு உருகினால் பாலியஸ்டர்.

அப்புறம், 4 கிலோ 4 மி.மீ. ஆகாது. நிரப்பித் தூள் சேர்ந்த தார் தண்ணீரை விடக் கனம். லிட்டருக்கு 1.15 கிலோ என்று வைத்தால் 3.5 மி.மீ. கூடத் தேறாது.

களக்காட்டான்: அந்த எடை விஷயம் எனக்குத் தெரியாது. ஆனா ரெண்டு அடுக்கு போட்டால் கண்ணாடியும் பரவாயில்லை என்பார்கள்.

சைட் அண்ணாச்சி: ரெண்டில் ஒன்று பாலியஸ்டர் என்றால் ஒப்புக்கொள்வேன். டெண்டரில் ஒரு அடுக்குதானே?

பாளைத்தம்பி: ஒன்றுதான், அண்ணாச்சி. துண்டைச் சுட்டேன், வலை அப்படியே நின்றது. இப்போது பாலியஸ்டர் அனுப்புகிறேன் என்கிறார். புதுத் தாளில் 800/600, நீட்சி 40. ஆனால் தடிமன் வரியே இல்லை, எடை மட்டும் அதே 4 கிலோ.

சைட் அண்ணாச்சி: “சராசரி மதிப்பு” என்று கீழே போட்டிருக்கா பாரும். இருந்தால் குறைந்தபட்சம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லும். ரோல் வந்ததும் ஓரத்தில் நாலைந்து இடத்தில் வெர்னியர் வைத்து அளந்து இங்கே போடும்.

பாளைத்தம்பி: வியாழக்கிழமை ரோல் வருகிறது. அளந்துவிட்டு எழுதுகிறேன்.