ஃபேஸ் க்ரீமைச் சேர்த்ததால் செட்டுக்கு 25 ரூபாய் போன கதை

காரைக்குடியில் வீட்டிலேயே தொழில். 2025 தீபாவளிக்கு ஒரு அலுவலகம் 40 கிஃப்ட் செட் கேட்டது. சோப்பு இரண்டு (120), கூந்தல் எண்ணெய் (110), ஃபேஸ் க்ரீம் (170), வரிக்கு முன்னால் 400 ரூபாய். செப்டம்பர் 22 முதல் சோப்புக்கும் கூந்தல் எண்ணெய்க்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம் ஆகிவிட்டது, க்ரீம் மட்டும் 18-லேயே நின்றது. தனித்தனியாகப் போட்டால் 42 ரூபாய் வரி. அதனால் "வரியோடு செட் 442" என்று சொல்லிவிட்டேன். பில்லிலும் "தீபாவளி கிஃப்ட் செட், 40" என்று ஒரே பொருளாக எழுதிவிட்டேன்.

கணக்குப் பார்க்கிறவர் பில்லைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். வேறுவேறு வரி உள்ள பொருள்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால், அதில் எது அதிகமோ அந்த வரிதான் முழு செட்டுக்கும். 442-க்குள் 67 ரூபாய் வரி! செட்டுக்கு எனக்கு நிற்பதே 60 ரூபாய், அதில் 25 போச்சு. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

தேவகோட்டைக்காரர்: இது சுலபம் அக்கா. பில்லில் மூன்று பொருளாகப் பிரித்து எழுதினால் முடிந்தது.

கானாடுகாத்தான் அண்ணன்: அது பாதிதான் தம்பி. கொட்டேஷனில் "செட் 442" என்று பேசிவிட்டுப் பில்லில் மட்டும் பிரித்தால், கேள்வி வந்தால் நிற்காது. கொட்டேஷனிலேயே தனி விலை இருக்கணும், க்ரீம் வேண்டாம் என்றால் அதை எடுத்துவிட்டு மீதியை அதே விலைக்குக் கொடுக்கணும். நான் அலுவலக செட்டில் க்ரீமே வைப்பதில்லை, இன்னொரு எண்ணெய் பாட்டில் வைக்கிறேன். எல்லாம் 5 என்றால் ஒரே விலை சொல்லலாம். இன்னொன்று, பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு அலுவலகம் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அவர்கள் பார்ப்பது வரியோடு வரும் மொத்த விலையைத்தான்.

பள்ளத்தூர் ஆச்சி: எனக்கு ஜிஎஸ்டி பதிவே இல்லை, சொந்தக்காரர் வீடுகளுக்குத்தான் விற்கிறேன். என் கவலை வேறு. பனையோலைக் கொட்டானில் சோப்பை அடுக்கிக் கொடுத்தேன், பத்து நாளில் ஓலையில் எண்ணெய்க் கறை. ஓலை சரியில்லையோ?

கானாடுகாத்தான் அண்ணன்: ஓலை என்ன செய்யும் ஆச்சி, சோப்பு எத்தனை நாள் காய்ந்தது?

பள்ளத்தூர் ஆச்சி: இரண்டு வாரம்.

கானாடுகாத்தான் அண்ணன்: கொதிக்க வைக்காமல் ஊற்றும் சோப்பு நாலு வாரமாவது காயணும், ஆறு என்றால் இன்னும் நல்லது. ஐப்பசியில் தீபாவளி என்றால் ஆவணியிலேயே ஊற்றிவிடுங்கள். அப்படியும் வெண்ணெய்த்தாள் சுற்றித்தான் கொட்டானில் வைக்கணும்.

காரைக்குடி (கேட்டவர்): அண்ணே, செட்டோடு கொட்டானையும் கொடுத்தால் அது பொருளா, வெறும் பேக்கிங்கா? அதற்குத் தனி விலை போடணுமா?

கானாடுகாத்தான் அண்ணன்: அதை என் ஆடிட்டரும் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை அம்மா. இப்போதைக்குத் தனியாகத்தான் போடுகிறேன்.