சொல் வேண்டும்: எல்லைப் படலத்தின் இரண்டு தடிமன்கள்

ந. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காகப் பாய்ம இயக்கவியல் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லைப் படலம் வரை தடையில்லாமல் வந்துவிட்டேன். அதற்குள் வரும் δ*, θ என்ற இரண்டு அளவுகளில் சிக்கிக்கொண்டேன். முதல் வரைவில் ‘இடப்பெயர்ச்சித் தடிமன்’, ‘உந்தத் தடிமன்’ என்று எழுதியிருந்தேன். வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “இடம் பெயர்வது எது சார், காற்றா, தகடா?” என்றாள். பதில் சொல்ல எனக்கே கொஞ்சம் நேரம் பிடித்தது.

நான் புரிந்துகொண்டது இது: தகட்டை ஒட்டி அசையாமல் நிற்கும் காற்றின் உயரம் δ*. அப்படியானால் ‘தேக்கத் தடிமன்’ என்றே வைத்துவிடலாமே? θ-வுக்கு ‘உந்தத் தடிமன்’ போதும் என்று நினைக்கிறேன்.

சு. எழுதியது:

‘தேக்கம்’ வேண்டாம். தகட்டைத் தொடும் காற்று மட்டும்தான் நிற்கிறது. அதற்கு ஒரு மயிரிழை மேலே போனாலும் ஓட்டம் இருக்கிறது.

எண்ணிலேயே பார்ப்போம். 600 மி.மீ. நீளமுள்ள தட்டையான தகடு, அதன்மேல் நொடிக்கு 10 மீட்டர் காற்று, கொந்தளிப்பில்லாத அடுக்கோட்டம். பிளாசியுஸ் 1908-இல் தந்த தீர்வின்படி தகட்டின் கடைசி முனையில் படலம் ஏறக்குறைய 4.7 மி.மீ. உயரம் இருக்கும். δ* 1.63 மி.மீ. வரும். அந்த 1.63 மி.மீ. உயரத்தில் காற்று நிற்கிறதா என்றால், இல்லை. வெளிவேகத்தில் 55 விழுக்காட்டோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு δ* எதைச் சொல்கிறது? படலத்துக்குள் காற்று மெதுவாகப் போவதால் அந்த வழியாகப் போகவேண்டிய காற்றில் ஒரு பங்கு போக முடியவில்லை. அந்தப் பங்கு மேலே ஏறி, வெளியோட்டத்தைத் தள்ளிவிடுகிறது. தகட்டின் முன்முனையில் 20 மி.மீ. உயரத்தில் ஒரு புகையிழையை விட்டால், பின்முனையில் அது 21.6 மி.மீ. உயரத்தில் வெளியேறும். அந்த 1.6 தான் δ*. வெளியே ஓடும் காற்றைப் பொறுத்தவரை, உராய்வே இல்லாத, ஆனால் 1.6 மி.மீ. தடித்துப்போன ஒரு தகட்டைக் கடந்து போவதும் இதுவும் ஒன்றுதான்.

இதை நான் பாடம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 300 மி.மீ. சதுர வாய் கொண்ட ஒரு சிறிய காற்றுச் சுரங்கத்தில் கடைக்கோடியில் வேகம் கூடுதலாகக் காட்டியது. விசிறியைக் குறை சொன்னேன், மானியைக் குறை சொன்னேன், இரண்டு நாள் வீணானது. நான்கு சுவர்களிலும் படலம் வளர்ந்து, ஒவ்வொன்றும் 1.6 மி.மீ. உள்ளே வந்தது போல வழியை ஒடுக்கியிருந்தது. மூலைகளின் குழப்பத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் பரப்பு 2 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேலே குறைகிறது. வேகம் அதே அளவு கூடுகிறது. சோதனைப் பகுதியின் சுவர்களைச் சற்றே வெளிப்புறம் சாய்த்துக் கட்டுவது இதற்காகத்தான்.

ஆகவே ‘ஒதுக்கத் தடிமன்’ என்பேன். படலம் ஓட்டத்தை ஒதுக்குகிறது.

கு. எழுதியது:

நான் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? கப்பலின் இடப்பெயர்ச்சி என்றால் அது விலக்கிய நீரின் எடை, டன்னில் சொல்வோம். தகடு எவ்வளவு காற்றை விலக்கியதோ அதுதான் இங்கேயும். தகடு மெல்லியதாக இருந்தால் δ* பூச்சியமாகிவிடும், அவ்வளவே. இருக்கும் சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள்.

சு. எழுதியது:

கு. ஐயா, ஒப்புமை பாதி சரி. ஜெர்மானியர் இந்த அளவுக்கு வைத்த பெயரிலும் கப்பல் நீரை விலக்குவதற்கான அதே சொல்தான் இருக்கிறது. ஆனால் இங்கே விலக்குவது தகட்டின் பருமன் அன்று, தகட்டால் தாமதமான காற்று. தகடு தாள் போல் இருந்தாலும் அந்த 1.63 அப்படியேதான் இருக்கும்.

யா. எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ‘இடப்பெயர்வு’ என்றால் வீட்டை விட்டு ஓடியதுதான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் அந்தச் சொல்லைத் தவிர்ப்பது எனக்கு உவப்பே. ஆனால் ‘ஒதுக்கம்’ கேட்டவுடன் மாணவர்கள் நிதி ஒதுக்கத்துக்குப் போய்விடுவார்கள். ‘விலக்கத் தடிப்பு’ எப்படி? எங்கள் பாடநூல்களில் தடிப்புத்தான், தடிமன் அல்ல. தடிமன் என்றால் எங்களுக்குச் சளி!

எனக்கு உண்மையில் இடைஞ்சல் தந்தது θ. தகட்டின் முடிவில் வேகப் பரவலை வைத்து இழுவையைக் கணக்கிட்டேன். வெளிவேகம் U, படலத்துக்குள் வேகம் u. உந்தம் U² ஆக இருந்தது, u² ஆகிவிட்டது, எனவே இழப்பு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று எடுத்துத் தொகையிட்டேன். சு. சொன்ன அதே தகட்டுக்கு, ஒரு மீட்டர் அகலத்துக்கு 0.27 நியூட்டன் வந்தது. சரியான விடை 0.076. மூன்றரை மடங்கு பிழை. நூலில் u(U−u) என்று இருக்கிறது. ஏன் என்று நூல் சொல்லவில்லை.

சு. எழுதியது:

நல்ல பிழை. U²−u² என்று எடுத்தபோது, படலத்தால் வெளியே தள்ளப்பட்ட காற்றையும் உந்தம் இழந்தவர் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். அது எதையும் இழக்கவில்லை. மேலே ஏறி, அதே 10 மீட்டர் வேகத்தோடு நடையைக் கட்டிவிட்டது. இழந்தது படலத்துக்குள் மாட்டிக்கொண்டு கடைசிவரை வந்த காற்று மட்டுமே. அது எவ்வளவு என்பது u. ஒவ்வொரு துளியும் இழந்த வேகம் U−u. இரண்டையும் பெருக்குவதால்தான் அந்த வடிவம்.

உங்கள் தொகையை U²-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.26 மி.மீ. வரும். அதில் 1.63 δ*, மிச்சம் 0.63 தான் θ. ஒரே தொகைக்குள் இரண்டு தடிமன்களையும் கூட்டிவிட்டீர்கள். இழுவைக்கு வேண்டியது இது மட்டும்:

```
D = ρ U² θ = 1.2 × 100 × 0.00063 ≈ 0.076 N
```

இது ஒரு பக்கத்துக்கு, ஒரு மீட்டர் அகலத்துக்கு. முன்முனையிலிருந்து அந்த இடம் வரை தகடு உராய்வால் பிடுங்கிய உந்தம் முழுவதும் θ-வில் பதிந்திருக்கிறது. ஒரு வகையில் பற்று ஏடு. ஆனால் வெளி அழுத்தம் மாறாத தட்டையான பரப்பில்தான் இந்த வாசிப்பு செல்லும். வளைந்த இறக்கையில் அழுத்தமும் θ-வை வளர்க்கும், குறைக்கும்; கார்மன் 1921-இல் எழுதிய சமன்பாட்டில் அதற்குத் தனி உறுப்பு இருக்கிறது, அதில் δ*-உம் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆகவே ந. அவர்களே, ‘உந்தத் தடிமன்’ போதாது. படலத்தில் இருக்கும் உந்தம் என்று பொருள்பட்டுவிடும். ஜெர்மானியர் ‘உந்த இழப்புத் தடிமன்’ என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘இழப்பு’ உதிர்ந்துபோனது. நாம் ஏன் உதிர்ந்ததைப் பின்பற்ற வேண்டும்?

கு. எழுதியது:

நீளமாக இருக்கிறது. ‘உந்திழப்பு’ என்று சுருக்கலாமே.

யா. எழுதியது:

‘உந்திழப்பு’ வேண்டாம். உந்தி என்றால் கொப்பூழ்!

ந. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. θ-வுக்கு ‘உந்த இழப்புத் தடிமன்’ என்று எழுதிவிட்டேன். δ*-க்கு இப்போதைக்கு ‘விலக்கத் தடிமன்’. சு. ஐயாவுக்கு ‘ஒதுக்கம்’ மேல் உள்ள பிடிப்பு புரிகிறது, ஆனால் நிதி ஒதுக்கத்தை என்னாலும் மறக்க முடியவில்லை. இலங்கை வாசகர்களுக்காகத் தடிப்பா தடிமனா என்பதை அடுத்த பதிப்புக்கு ஒத்திவைக்கிறேன், சளித் தொல்லை எனக்கும் வேண்டாம். வரைபடத்தில் படலத்தை மட்டும் வரைந்திருந்தேன். அதை அழித்துவிட்டு, 20-இல் நுழைந்து 21.6-இல் வெளியேறும் அந்தப் புகையிழையை வரைந்துகொண்டிருக்கிறேன். அளவுப்படி வரைந்தால் 600 மி.மீ. நீளத்தில் ஏற்றம் கண்ணுக்கே தெரியவில்லை. செங்குத்து அளவைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் மாணவர்கள் ஏமாந்துபோவார்களா?