ஆறு பெட்ரோல் ஸ்கூட்டர்களை மாற்றிய கணக்கு: எங்கே ஓட்டை?

புதுக்கடை: பார்சல் விநியோகம் நடத்துகிறேன். பழைய பெட்ரோல் ஸ்கூட்டர்கள் ஓடுகின்றன. மின்சாரத்துக்கு மாறினால் மிச்சம் என்கிறார்கள் எல்லோரும். பேட்டரி செலவையும் சார்ஜ் போடும் தொல்லையையும் சேர்த்துக் கணக்குப் போட்டவர் யாராவது இருக்கிறீர்களா?

பார்சல்காரர்: நான் போட்டிருக்கிறேன். ஆளுக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு விலை என்பதால் எல்லாச் செலவையும் பெட்ரோல் லிட்டரிலேயே சொல்கிறேன். உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

என்னிடம் 12 வண்டிகள். ஆறு தினம் 80 கிலோமீட்டர் ஓடுகின்றன, மற்ற ஆறும் 40 தான். நீண்ட சுற்று போகும் ஆறை மட்டும்தான் மாற்றினேன்.

பழைய வண்டி நின்று நின்று போகும் ஓட்டத்தில் லிட்டருக்கு 40 கொடுத்தது. அதாவது தினம் 2 லிட்டர். மின்வண்டி அதே தெருவில் கிலோமீட்டருக்கு 35 வாட் மணி தின்கிறது. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 40. எண்பது கிலோமீட்டருக்கு 3.2 யூனிட். எனக்கு ஒரு யூனிட்டின் விலை ஒரு லிட்டரின் விலையில் பத்தில் ஒரு பங்கு. ஆக மின்சாரச் செலவு 0.32 லிட்டர். வேலை நாள் 300 என்றால் வண்டிக்கு ஆண்டுக்கு 500 லிட்டர் மிச்சம். எஞ்சின் ஆயில், பெல்ட், கிளட்ச், பிளக் என்று பட்டறைக்குப் போனதில் இன்னும் 100 குறைகிறது. டயரிலும் பிரேக்கிலும் ஒன்றும் மிச்சமில்லை.

புது வண்டி 1100 லிட்டர் விலை. பழையதை விற்றதில் 150 வந்தது. ஒயரிங் வேலையில் வண்டிக்கு 50 விழுந்தது. கையிலிருந்து போனது 1000. பேட்டரியை நான் டயர் மாதிரி தேயும் பொருளாகத்தான் எழுதுகிறேன்: புதிது 400 லிட்டர், என் ஓட்டத்துக்கு மூன்றரை ஆண்டு. அதற்காக ஆண்டுக்கு 115 ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நிகர மிச்சம் 485. போட்ட காசு இரண்டு ஆண்டும் கொஞ்சமும் போனால் திரும்பிவிடும்.

நாற்பது கிலோமீட்டர் வண்டிகளுக்கு இதே கணக்கைப் போட்டேன், நான்கு ஆண்டுக்கு மேல் போகிறது. அவை உயிர் உள்ள வரை பெட்ரோலிலேயே ஓடட்டும்.

பட்டறை மணி: அண்ணா, லிட்டருக்கு 40 என்பது வண்டியின் குறையா, கவனிக்காததின் குறையா? ஓட்டம் அதிகமான ஸ்கூட்டரில் பெல்ட்டும் ரோலரும் தேய்ந்து, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். அந்த மூன்றையும் மாற்றி, டயரில் காற்றைச் சரியாக வைத்தாலே 46 தொடும். நோயாளிப் பெட்ரோல் வண்டியைப் புத்தம் புது மின்வண்டியோடு ஓடவிட்டு, யார் ஜெயித்தார் என்று கேட்கிறீர்கள்.

இன்னொன்று. பழைய வண்டிக்குக் கடன் தீர்ந்துவிட்டது, புதியதற்குத் தவணை, வட்டி. உங்கள் கணக்கில் வட்டி என்ற வார்த்தையே இல்லை.

பார்சல்காரர்: 46 என்றே வைப்போம் மணி. தினம் 1.74 லிட்டர். ஆண்டு மிச்சம் 500-லிருந்து 425-க்கு இறங்கும், திரும்பும் காலம் இரண்டு ஆண்டும் ஐந்து மாதமும் ஆகும். நீங்கள் சொன்ன பெல்ட்டுக்கும் ரோலருக்கும் ஆகும் செலவை இதில் சேர்க்கவே இல்லை. முடிவு மாறவில்லை.

வட்டி எனக்கு இல்லை, ஆறையும் ரொக்கத்துக்கு வாங்கினேன். கடனில் வாங்குபவர் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

கணக்குப்புலி: யூனிட் விலையை மட்டும் பார்ப்பது அரைக் கணக்கு. வணிக இணைப்பில் அனுமதி வாங்கிய கிலோவாட்டுக்குத் தனியாக மாதக் கட்டணம் இருக்கும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். ஆறு சார்ஜர் போட்டால் இணைப்பை இரட்டிப்பாக்க வேண்டும், அங்கேயே மிச்சம் காலி. அப்புறம், லித்தியம் பேட்டரியை 80-க்கு மேல் ஏற்றவே கூடாது. இவர் தினமும் 100 ஏற்றுகிறார் போலிருக்கிறது, மூன்றரை ஆண்டெல்லாம் வராது.

ஒயர்மேன்: கிலோவாட் கட்டணம் பற்றிச் சொன்னது சரி. இரட்டிப்பாக்க வேண்டும் என்பது ஆறையும் ஒரே நேரத்தில் செருகினால்தான். பார்சல்காரரே, சார்ஜர் எத்தனை வாட், எப்போது போடுகிறீர்கள்?

பார்சல்காரர்: சார்ஜர் 750 வாட். இணைப்பு 5 கிலோவாட், பகலில் விளக்கு, கணினி, ஏசி எல்லாம் சேர்ந்து 2 போகிறது. பேட்டரி 3 கிலோவாட் மணி.

காலையில் முழு சார்ஜோடு கிளம்பும் வண்டி 45 கிலோமீட்டர் ஓடி மதியம் 48 சதவீதத்தில் வருகிறது. ஒன்றரை மணி நேரம் போட்டால் 81-க்கு ஏறும். மாலையில் 35 கிலோமீட்டர் ஓடி 40-ல் நிற்கும். மதியம் மூன்று மூன்றாகப் போடுகிறோம், சார்ஜருக்கு 2.25 கிலோவாட். கடையோடு சேர்த்தாலும் 5-ஐத் தாண்டாது. இரவில் முதல் மூன்று 10 மணிக்கு, அடுத்த மூன்று டைமர் வைத்து ஒன்றரை மணிக்கு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்றரை மணி நேரம் போதும்.

மதிய சார்ஜ் இல்லாவிட்டாலும் இன்றைக்கு 80 ஓடிவிடும். ஆனால் பேட்டரி தேய்ந்து 2.4-க்கு வந்த பிறகு ஓடாது. மதியம் போட்டால் அந்த நிலையிலும் இரவில் 24 சதவீதம் மிஞ்சும். திட்டத்தைக் கடைசி ஆண்டுப் பேட்டரிக்குத்தான் போட வேண்டும், ஷோரூமில் சொல்லும் தூரத்துக்கு இல்லை.

ஒயர்மேன்: கடைசி வரி முக்கியம். பலர் புதுப் பேட்டரிக்குச் சுற்று போட்டுவிட்டு இரண்டாம் ஆண்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

கணக்குப்புலி சொன்ன 80 பாதி உண்மை. பேட்டரியைக் கெடுப்பது நிறைந்த நிலையில், அதுவும் சூட்டில், மணிக்கணக்கில் சும்மா நிற்பது. நிறைத்த கையோடு வண்டி கிளம்பிவிட்டால் பாதிப்பு குறைவு. அதனால் இரவு டைமரைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முதல் கூட்டம் ஒன்றரைக்கே நிறைந்து காலை வரை நிற்கிறது, அது வேண்டாம். கடை எப்போது திறக்கிறதோ அதற்கு அரை மணி முன்னால் கடைசிக் கூட்டம் முடிகிற மாதிரி பின்னிருந்து எண்ணி வையுங்கள். இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரி என்றால் அவ்வப்போது 100 வரை ஏற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். முப்பது காட்டிவிட்டுத் திடீரென்று ஐந்துக்கு விழுந்தால் செல்கள் சமமாக இல்லை என்று அர்த்தம்.

இப்போது என் கவலை. மூன்று சார்ஜரையும் ஒரே நீட்டிப்புப் பலகையிலா செருகியிருக்கிறீர்கள்? 230 வோல்ட் லைனில் 750 வாட் என்றால் 3 ஆம்பியர் சொச்சம்தானே என்று தோன்றும். பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத மலிவு சார்ஜர் 5-க்கு மேல் இழுக்கும். மூன்று சேர்ந்து 15 ஆம்பியர், அதுவும் மணிக்கணக்கில். இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடம் இழுப்பதும் இதுவும் ஒன்றல்ல. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டாலோ சாக்கெட் பழுப்பேறியிருந்தாலோ அன்றே மாற்றுங்கள்.

பார்சல்காரர்: ஒவ்வொரு வண்டிக்கும் தனி சாக்கெட், தனி பிரேக்கர், மொத்தத்துக்கும் மண் கசிவுக்குத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் சுவிட்ச். நான் சொன்ன 50 லிட்டர் அதற்குத்தான். சார்ஜ் போடும் இடம் வாசலுக்குப் பக்கத்தில் இல்லை, பார்சல் அடுக்கும் இடத்திலும் இல்லை. டைமரை இன்றே மாற்றுகிறேன்.

மலைப்பாதை: எங்கள் வீட்டு மின்ஸ்கூட்டர் ஒரு நாளைக்கு 8 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. பெரிய ஏற்றம் உண்டு. இவருடைய கணக்குப்படி எனக்கு எப்போது காசு திரும்பும்?

பட்டறை மணி: எட்டு கிலோமீட்டருக்கா? உங்கள் பேரன் காலத்தில்.

ஒயர்மேன்: சுற்று ஓட்டத்தில்தான் காசு திரும்பும் என்பது இவருடைய வாதம், எட்டு கிலோமீட்டருக்கு அது பொருந்தாது. ஆனால் பேட்டரி ஓட்டத்தால் மட்டும் தேய்வதில்லை, சும்மா இருந்தாலும் வயதாகும். தினமும் நிறைக்காமல் 30-க்கும் 80-க்கும் இடையில் வைத்திருங்கள். ஏற்றத்தில் அதிகம் தின்னும், இறக்கத்தில் கொஞ்சம்தான் திரும்ப வரும்.

கணக்குப்புலி: நான் கேட்க நினைத்ததை யாரும் கேட்கவில்லை. உத்தரவாதத் தாளைப் படித்தீர்களா? பலவற்றில் வாடகைக்கோ விநியோகத்துக்கோ ஓட்டினால் உத்தரவாதம் செல்லாது, அல்லது கிலோமீட்டர் வரம்பு பாதியாகும். ஆண்டுக்கு 24,000 ஓட்டுகிறீர்கள். இரண்டாம் ஆண்டில் பேட்டரி போனால் 400 லிட்டர் உங்கள் தலையில்.

பார்சல்காரர்: இது சரியான கேள்வி. என் தாளில் வணிகப் பயன்பாடு என்றே எழுதி வாங்கினேன், வரம்பு 60,000 கிலோமீட்டர். அதாவது இரண்டரை ஆண்டு. அதற்கு அப்புறம் வரும் ஓராண்டு என் பொறுப்பு. அந்த ஓராண்டில் எத்தனை பேட்டரி போகும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆறில் இரண்டு போனாலும் தாங்கும், ஆறும் போனால் தாங்காது.

பட்டறை மணி: அதைத்தான் சொல்கிறேன். பெட்ரோல் வண்டியில் எது போகும், எவ்வளவு ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும். பிஸ்டன் போனால் பிஸ்டன், பேரிங் போனால் பேரிங். உங்களுக்கு ஒரே பொருள், அதற்கு ஒரே விலை, விற்பவரும் அந்தக் கம்பெனி ஒன்றுதான்.

ஒயர்மேன்: போகப் போகிறதா என்று முன்கூட்டியே பார்க்கலாம் மணி. சாக்கெட்டில் ஒரு சின்ன யூனிட் மீட்டர் செருகி, மாதம் ஒருமுறை 20-லிருந்து 100 வரை எவ்வளவு யூனிட் இழுக்கிறது என்று குறித்து வைத்தால் போதும். புதிதில் 2.7 இழுத்தது. 2.2-க்கு வந்துவிட்டால் அந்தப் பேட்டரி ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவை இழந்துவிட்டது. உத்தரவாதம் முடிவதற்குள் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். ஆறில் ஒன்று மட்டும் வேகமாக இறங்கினால் அது பேட்டரியின் குறை. ஆறும் சேர்ந்து இறங்கினால் உங்கள் சார்ஜ் பழக்கம்.

ஓட்டும் தம்பி: நான் முதலாளி இல்லை, வண்டி ஓட்டுபவன். மதியம் ஒன்றரை மணி நேரம் வண்டி நிற்கிறது என்று எல்லோரும் சாதாரணமாக எழுதுகிறீர்கள். எங்களுக்குப் பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. முன்பு அரை மணியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். மிச்சமுள்ள ஒரு மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

பார்சல்காரர்: என்னிடம் ஓட்டுபவர்களுக்கு மாதச் சம்பளம் தம்பி, அதனால் அந்த நேரம் என் கணக்கில்தான் போகிறது. அந்த நேரத்தில் மாலைப் பார்சலைப் பிரிக்கிறார்கள்.

ஓட்டும் தம்பி: பிரிப்பதும் வேலைதானே. பார்சல் கூலி கொடுக்கும் இடங்களில் இந்தத் திட்டத்தை அப்படியே எடுத்துப் போட்டால் நட்டம் எங்களுக்கு. கழற்றும் பேட்டரி வாங்கி, மதியம் மாற்றிக்கொண்டு கிளம்ப விட்டால் என்ன?

பார்சல்காரர்: யோசித்தேன். ஆறு வண்டிக்கு மூன்று உபரிப் பேட்டரி, 1200 லிட்டர். வண்டிக்கு 200 கூடினால் திரும்பும் காலம் ஐந்து மாதம் தள்ளும். என் வண்டியில் பேட்டரி ஒரே கட்டியாக இருபது கிலோவுக்கு மேல். தினம் தூக்கி மாற்ற முதுகு இருக்காது. இரண்டாகப் பிரித்து வரும் வண்டிகளில் செய்யலாம்.

புதுக்கடை: நான் பார்சல் கூலிதான் கொடுக்கிறேன். அப்படியானால் இரண்டு பேட்டரி வண்டியைத்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. என் சுற்று 55 கிலோமீட்டர், மதியம் சார்ஜ் போடாமலே ஓடுமா?

ஒயர்மேன்: 3 கிலோவாட் மணிப் பேட்டரி என்றால் புதிதில் 36 சதவீதத்தில் வந்து நிற்கும். 2.4-க்குத் தேய்ந்த பிறகு 20. தேய்ந்த பேட்டரியோடு குளிர் மாதமும் சேர்ந்தால் அதுவும் குறையும். கூடுதல் சுற்று வரும் நாள்களில் என்ன செய்வீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.