தன்னார்வலர் நேரத்தை பட்ஜெட்டில் காட்டியபோது 7,500 போனது

பொருளாளர்:
எங்கள் குழு ஒரு வாசிப்பு அறையைப் புதுப்பித்தது. மானியமாக 60,000 கேட்டோம். "உங்கள் பங்கு என்ன?" என்று கேள்வி வந்த பிறகுதான், இலவசமாகக் கிடைப்பவை எதையுமே பட்ஜெட்டில் எழுதவில்லை என்பது உறைத்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அறையை ஆறு மாதம் வாடகையின்றித் தந்தார்கள். மாதம் 2,000 வீதம் 12,000. மின்பணியாளர் ஒருவர் 40 மணி நேரம் உழைக்க ஒப்புக்கொண்டார்; மணிக்கு 300 வீதம் 12,000. வண்ணம் பூசவும் சுமக்கவும் 160 மணி நேரம், மணிக்கு 100 வீதம் 16,000. ஆக மொத்தத் திட்டம் 1,00,000, அதில் எங்கள் பங்கு 40 விழுக்காடு. மானியம் கிடைத்தது.

முதல் வரைவில் இந்த 40,000-ஐச் செலவில் மட்டும் எழுதியிருந்தேன். கூட்டத்தில் எல்லோரும் என்னை ஏதோ பற்றாக்குறையை மறைத்தவன்போலப் பார்த்தார்கள். அதே தொகையை வரவிலும் எழுதிய பிறகுதான் ஏடு நேரானது.

உண்மையான அடி கடைசியில் விழுந்தது. வண்ணப் பணிக்குக் கையெழுத்துடன் பதிவானது 110 மணி நேரம்தான். மீதி 50 மணி நேரமும் ஆட்கள் வந்தார்கள், நானே பார்த்தேன். ஆனால் தாளில் இல்லை. 5,000 குறைந்து எங்கள் பங்கு 35,000 ஆனது. ஒப்பந்தப்படி 60–40 விகிதம் கட்டாயம் என்பதால் மானியம் 52,500 ஆகச் சுருங்கிவிட்டது. ரொக்கத்தில் 7,500 போனது. இப்படி யாருக்காவது நடந்ததா?

வழிப்போக்கன்:
அன்போடு செய்த உழைப்புக்கு மணிக்கு இவ்வளவு என்று விலை போட்டால் அவர்கள் மனம் நோகாதா? எங்கள் ஆட்களுக்குக் கூலி கொடுக்கிறோம் என்று சொன்னாலே எழுந்து போய்விடுவார்கள்.

பொருளாளர்:
கூலி யாருக்கும் கொடுக்கவில்லை, ஐயா. ஏட்டில் மட்டும்தான் மதிப்பு. ஆனால் கையெழுத்து கேட்டபோது இரண்டு பேர் முகம் சுளித்தது உண்மை. அந்த 50 மணி நேரம் தொலைந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

சுவடி:
மதிப்பைக் குறைவாகப் போட்டுவிட்டீர்கள். எங்கள் குழுவில் ஒரு வழக்கறிஞர் சுவருக்கு வெள்ளையடித்தார். அவருடைய தொழில் கட்டணத்தையே மணிக்கு எழுதினோம். அவருடைய நேரத்தின் மதிப்பு அதுதானே?

பழைய கணக்கர்:
சுவடி சொல்வதில் பாதி சரி. தொழில் திறனுக்கு அதற்குரிய விலையைப் போடலாம். அவர் உங்கள் குத்தகைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கட்டணம் செல்லும். தூரிகை பிடித்த நேரத்துக்குப் பூச்சுக்காரரின் கூலிதான். யார் செய்தார் என்பதல்ல, அந்த வேலையைக் காசு கொடுத்துச் செய்வித்தால் என்ன ஆகும் என்பதே அளவுகோல். நான் தணிக்கைக்குப் போன இடங்களில் முதலில் வெட்டியது இந்த வரிகளைத்தான்.

பொருளாளரே, உங்கள் விலைகளில் தவறில்லை. 160 மணி நேரம் என்று வாக்குக் கொடுத்ததில்தான் தவறு. 200 வருமென்று நம்பினால் ஒப்பந்தத்தில் 140 எழுதுங்கள். கூடுதலாக வந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தாளை வேலை நடக்கும் இடத்திலேயே தொங்கவிட்டு அன்றன்றே பெயர், தேதி, வேலை, மணி நேரம், கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பிய தாள் பார்த்தவுடன் தெரியும். எல்லாம் ஒரே பேனா, எல்லாருக்கும் சரியாக நான்கு மணி நேரம்.

மரத்தடி:
எங்களுக்கு ஒரு ஒளிப்படக்காட்டியை மூன்று நாள் இரவல் தந்தார்கள். புதிதாக வாங்கும் விலையை அப்படியே பொருட்கொடையாக எழுதினோம். மூன்று நாள் வாடகைதான் செல்லும் என்று திருப்பி அனுப்பினார்கள். அதைவிடப் பெரிய வலி, கையில் ரொக்கம் இல்லாதது. பட்ஜெட் தடிமனாகத் தெரிந்ததால் பணம் இருக்கிறது என்று உறுப்பினர்கள் நினைத்துவிட்டார்கள். இப்போது ரொக்கம், கொடை என இரண்டு பத்திகளாகப் பிரித்தே காட்டுகிறோம்.

பொருளாளர்:
எங்களிடமும் ஒரே பத்திதான் இருந்தது. தன்னார்வலர்களின் பயணச் செலவும் கையுறைகளும் ரொக்கச் செலவு என்பதே பாதி வழியில்தான் உறுப்பினர்களுக்குத் தெரிந்தது.

இன்னொரு சந்தேகம். செயற்குழுக் கூட்டங்களில் நாங்கள் உட்கார்ந்த நேரத்தை எழுதலாமா?

பழைய கணக்கர்:
நான் ஏற்றதில்லை. குழு இருந்தாலே கூட்டம் நடக்கும், அது திட்டத்தின் செலவல்ல என்பது என் கட்சி.

சுவடி:
எங்களுக்கு ஏற்றுக்கொண்டார்கள். திட்டத்துக்காக மட்டுமே கூடிய கூட்டங்கள், நடவடிக்கைக் குறிப்புடன் கொடுத்தோம்.

பழைய கணக்கர்:
அப்படியானால் கையெழுத்திடும் முன்பே மானியம் தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே மணி நேரத்தை இன்னொரு மானியத்தின் பங்காகவும் காட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

சுவடி:
பார்க்க வேண்டும்.