பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு: லைன் குத்தமா, பக்கம் கனமா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

முகப்புத்தூண்
கானாடுகாத்தான்ல எங்க அத்தான் பழைய வீட்டைத் தங்குறதுக்கு விடுறாரு. வெப்சைட்டைப் பார்த்துக்கிறது நான். "உங்க பக்கம் திறக்கவே மாட்டேங்குது"ன்னு போன் மேல போன். அத்தான் ஒரே முடிவா பழைய லைனைத் தூக்கிட்டு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இழுத்துட்டாரு. அவரு மேசையில இப்ப நாலஞ்சு செகண்ட்ல வருது. "சரியாப் போச்சுல்ல?"ன்னாரு. புகார் மட்டும் நிக்கல.

என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, அதுல லேப்டாப்பை மாட்டி, திண்ணையில உக்காந்து குரோம்ல F12, Network, Disable cache டிக், Ctrl+Shift+R. அடியில வர்ற கடைசி வரியை அத்தானும் குனிஞ்சு பார்க்கிறாரு. 12, 19, 27 எம்பின்னு ஏறுது. "இன்னும் முடியலையா?"ன்னு அவரு கேட்டது இப்பவும் காதுல இருக்கு. நின்னது இதுல:

```
164 requests | 38.4 MB transferred | 39.1 MB resources | Finish: 36.2 s
```

38.4 எம்பியை எட்டால பெருக்கினா 307 மெகாபிட். 36 செகண்டால வகுத்தா 8.5. அதே இடத்துல, அதே போன்ல ஸ்பீட் டெஸ்ட் 9 எம்பிபிஎஸ் காட்டுச்சு. லைன் தன்னால முடிஞ்சதை ஒழுங்காத்தான் கொடுத்திருக்கு. Size தலைப்பை அமுக்கி வரிசைப்படுத்தினா உச்சியில 11 போட்டோ, ஒவ்வொண்ணும் 3 எம்பி. கேமராக்காரர் கொடுத்த 6000 பிக்சல் படத்தை அப்படியே ஏத்தி, 400 பிக்சல் கட்டத்துல காட்டிக்கிட்டு இருக்கோம்.

எனக்கு உறுத்துறது இதுதான்: அத்தான் காசு போட்டது அவரு வீட்டு லைனுக்கு. ரூம் தேடுறவன் வர்றது அவனவன் லைன்ல. இதை அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறதுன்னு தெரியல.

ரஸ்தா_ராஜா
எதுக்குத் தம்பி இவ்வளவு கணக்கு? ஸ்பீட் டெஸ்ட் போடு, நல்ல நம்பர் வந்தா லைன் சரி, வரலைன்னா லைன் மோசம். அவ்வளவுதான். என் போன்ல 40 காட்டுது. உன் 38 எம்பி பக்கம் எனக்கு ஒரே செகண்ட்ல வந்துரணும். வரலைன்னா உன் சர்வர்ல கோளாறு.

கண்டாங்கி_கடை
ரஸ்தா அண்ணே, அந்த 40 மெகாபிட், பக்கத்தோட 38 மெகாபைட். எட்டு மடங்கு வித்தியாசம். உங்களுக்கும் எட்டு செகண்ட் கிட்ட ஆகும். டெஸ்ட் பார்க்கச் சொன்னது சரிதான், ஆனா அது பாதிக் கதை. டெஸ்ட் சர்வர் பக்கத்து ஊர்ல இருக்கலாம், நீங்க திறக்கிற பக்கம் அமெரிக்காவுல இருக்கலாம்.

என் கதை முகப்புத்தூணோடதுக்கு நேர் எதிர். காரைக்குடியில சேலைக்கடை, ஆன்லைன்லயும் விக்கிறோம். என் பக்கம் முழுசும் 1.1 எம்பிதான். எடையை மட்டும் பார்த்தா எவனும் குறை சொல்ல முடியாது. ஆனா 19 செகண்ட். லைன்காரரைக் கூப்பிட்டேன், அவர் டெஸ்ட் போட்டு 30 எம்பிபிஎஸ் காட்டிட்டுப் போயிட்டார். 1.1 எம்பிக்கு 30 எம்பிபிஎஸ்ல அரை செகண்ட் கூட ஆகாதே, மீதி நேரம் எங்க போச்சு?

எண்ணிக்கையில. 212 கோரிக்கை. ஒவ்வொரு சேலைக்கும் உடல் கலர், கரைக் கலர்னு குட்டிக் குட்டிச் சதுரப் படம், அத்தனையும் தனித்தனிக் கோப்பு. ஒவ்வொண்ணும் 2 கேபி, 3 கேபி. எங்க சர்வர் பழைய எச்டிடிபி 1.1 முறையில ஓடுச்சு. அதுல குரோம் ஒரு சர்வர்கிட்ட ஒரே சமயத்துல ஆறு இணைப்புதான் திறக்கும். பந்தியில ஆறே இலை, வாசல்ல 212 பேர். சர்வர் கடல் தாண்டி இருந்ததால ஒரு கோரிக்கை போய்த் திரும்ப அரை செகண்ட் கிட்ட ஆச்சு. 212-ஐ ஆறால வகுத்தா 35 பந்தி. பந்திக்கு அரை செகண்ட்னா 17, 18 செகண்ட். கணக்கு அப்படியே பொருந்துச்சு.

கண்ணால பார்க்கணும்னா Waterfall பத்தியைப் பாருங்க. ஒரு கோரிக்கையை அமுக்கி Timing போனா Content Download ஒண்ணுமே இல்லாம, Stalled-ம் Waiting for server response-ம் நீளமா இருந்தா அது காத்திருக்கிற நேரம், சரக்கு வர்ற நேரம் இல்ல. முகப்புத்தூண் பக்கத்துல இதுக்கு நேர்மாறா Content Download நீண்டு கிடக்கும்.

சர்வரை எச்டிடிபி 2-க்கு மாத்தச் சொன்னேன், ஒரே இணைப்புல எல்லாத்தையும் சேர்த்துக் கேக்கும். தலைப்புல ரைட் கிளிக் பண்ணி Protocol பத்தியைக் கொண்டு வந்தா h2-ன்னு காட்டும். கலர்ச் சதுரத்தைப் படமாப் போடாம வெறும் நிறமா எழுதவெச்சேன். இப்ப 40 கோரிக்கை, 3 செகண்ட். லைன் அதே லைன்.

இரண்டாங்கட்டு
எங்க வீட்லயும் இதே பிரச்சினைதான். பள்ளத்தூர். ரவுட்டர் முகப்புல இருக்கு. வளவு தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போனா ஒண்ணும் வராது. நம்ம வீட்டுச் சுவர் கனம் தெரியும்ல. ஆச்சி அடுப்படியில உக்காந்து பேரன்கூட வீடியோ பேசணும்னா முற்றத்துக்கு ஓடியாரணும். இதுக்கு ரவுட்டரை எங்க வைக்கிறது? ரெண்டு ரவுட்டர் போடலாமா?

நீங்க சொன்ன F12-ஐயும் பார்த்தேன். மின்சார பில் கட்டுற பக்கம். 14 requests, 600 kB. இரண்டாம் கட்டுல 40 செகண்ட். முகப்புல 2 செகண்ட்.

கண்டாங்கி_கடை
இரண்டாங்கட்டு, நீங்க கேட்டது வேற, ஆனா நீங்க கொடுத்த கணக்குதான் இந்தத் திரிக்கே நல்ல உதாரணம். 600 கேபிக்கு 40 செகண்ட், 14 கோரிக்கை. எடையும் இல்ல, எண்ணிக்கையும் இல்ல, அப்ப பக்கத்து மேல பழி போட வழியே இல்ல. சந்தேகம்னா அதே இடத்துல example.com திறந்து பாருங்க. வெறும் எழுத்து, ஒரே ஒரு குட்டிக் கோப்பு. அதுவும் இழுத்தா குத்தம் உங்க இணைப்புலதான். உங்க விஷயத்துல வெளியில இருந்து வர்ற லைன் கூட இல்ல, வீட்டுக்குள்ள வைஃபை. இரண்டாம் கட்டுக்கே கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் வைங்க.

பெட்டகம்
டிசைனர் கொடுக்குற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். நாங்க பழைய சாமான் வியாபாரம். பக்கம் மெதுவுன்னு சொன்னதும் அவர் ஒரு படம் அனுப்பினார்: 310 kB transferred. "உங்க ஊர் நெட் அப்படி"ன்னு ஒரு வரி. என் மக படத்தைப் பெருசாக்கி அதே வரியில பக்கத்துல இருந்ததைப் படிச்சா: 27.0 MB resources. அவர் கம்ப்யூட்டர்ல எல்லாம் ஏற்கெனவே இறங்கிக் கிடக்கு, Size பத்தியில வரிசையா (disk cache). புது ஆளுக்கு 27 எம்பியும் புதுசா வரணும். Disable cache போட்டு எடுத்து அனுப்புங்கன்னு கேட்டோம். பதில் இல்ல.

ரஸ்தா_ராஜா
அப்ப resources-ங்கிறதுதான் நிஜ எடைன்னு சொல்லுங்க. அதையே பார்த்துட்டுப் போலாம்.

கண்டாங்கி_கடை
அதுவும் இல்லண்ணே. அது பிரிச்சுப் போட்ட பிறகு உள்ள அளவு. எழுத்து, ஸ்கிரிப்ட் எல்லாம் சுருக்கித்தான் லைன்ல வரும். ஸ்கிரிப்ட் நிறைய உள்ள பக்கத்துல transferred 1 எம்பியும் resources 4 எம்பியும் இருக்கலாம். போட்டோ ஏற்கெனவே சுருங்கினது, அதான் முகப்புத்தூணுக்கு ரெண்டும் ஒட்டி வந்துச்சு. லைன்ல என்ன வந்துச்சுன்னு தெரியணும்னா Disable cache போட்டுட்டு transferred.

கொப்பனாபட்டி_போட்டோ
முகப்புத்தூண், போட்டோ எடுக்கிறவன்ங்கிற முறையில சொல்றேன், நீங்க கேக்கல, ஆனாலும். எங்ககிட்ட ஒரிஜினலை வாங்கி நேரா சைட்ல ஏத்துற பழக்கத்தை விடுங்க. நாங்க 6000 பிக்சல்ல கொடுக்கிறது ஆல்பம் அடிக்க, சுவர்ல மாட்ட. வெப்புக்குன்னு தனியாக் கேளுங்க. பெரிய படத்துக்கு 1600 பிக்சல் அகலம் போதும், கட்டத்துல வர்ற சின்னப் படத்துக்கு 800. வெப்பி ஃபார்மட்ல, தரம் 75, 80 வெச்சா ஒரு படம் பெரும்பாலும் 200, 300 கேபிக்குள்ள அடங்கும். ஆத்தங்குடிக் கல்லுல பூ வேலை நெருக்கமா இருக்கிற படம் மட்டும் கொஞ்சம் கூடும், அங்க தரத்தை ரொம்பக் குறைச்சா ஓரத்துல கசங்கும். மரத்தூண், உத்தரம் படத்துக்கு அந்தக் கவலை இல்ல. உங்க 11 படமும் இப்படி வந்தா 33 எம்பி 3 எம்பி கிட்ட வந்துரும். சில பேர் வாட்ஸ்அப்ல அனுப்பித் திரும்ப எடுத்து ஏத்துறாங்க. அளவு குறையும், உண்மை. ஆனா எவ்வளவு குறைக்கிறதுங்கிற பிடி உங்க கையில இல்ல. கீழ இருக்கிற படங்களைக் கீழ போனாத்தான் இறக்குற மாதிரியும் வைக்கலாம், இவ்வளவுதான் எழுதணும்:

```
<img src="valavu.webp" width="800" height="533" loading="lazy">
```

முகப்புத்தூண்
கொப்பனாபட்டி அண்ணே, படம் மாத்திட்டேன். 164 கோரிக்கை அப்படியே இருக்கு, எடை 7 எம்பி. ஹாட்ஸ்பாட்ல 11 செகண்ட். கணக்குப்படி 7-க்கு அதே லைன்ல 6, 7 செகண்ட்தான் ஆகணும். மீதி நாலு செகண்ட் கண்டாங்கி சொன்ன காத்திருப்பா?

கண்டாங்கி_கடை
இருக்கலாம், ஆனா உறுதியாச் சொல்ல மாட்டேன். மேப், சாட் பெட்டி, விமர்சன நட்சத்திரம்னு வெளி ஆளுங்க பக்கத்துல எத்தனை ஒட்டியிருக்கீங்க? ஒவ்வொரு புது முகவரிக்கும் முதல் தடவை இணைப்பு போடவே நேரம் போகும். போன் லைன்ல அது இன்னும் கூடும். அந்த இடத்துல லைன் குத்தம், பக்கம் குத்தம்னு பிரிக்கவே முடியாது, ரெண்டும் சேர்ந்துதான். சாட் பெட்டி முகவரியில ரைட் கிளிக் பண்ணி Block request domain போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க. இன்னொண்ணு, சாட் பெட்டி சும்மா இருக்கும்போதும் பேசிக்கிட்டே இருக்கும், Finish எண் ஏறிக்கிட்டே போகும். அதை நம்பாம Load எண்ணைப் பாருங்க.

பெட்டகம்
லேப்டாப்புக்கும் போனுக்கும் ஒரே எடை இருக்கணும்னு இல்லையே? எங்க சைட்ல போனுக்குச் சின்னப் படம் போகுது.

கண்டாங்கி_கடை
சரிதான். Ctrl+Shift+M அமுக்கிப் போன் அளவுக்கு மாத்திட்டு ரீலோட் பண்ணி எண்ணுங்க.

முகப்புத்தூண்
சாட் பெட்டியைத் தடுத்தா 7 செகண்ட். 164, 121 ஆச்சு. ஆனா அத்தான் அதை எடுக்க விடமாட்டேங்குறாரு, பாதி புக்கிங் அதுலதான் வருதாம். அதோட முகப்புல ட்ரோன் வீடியோ ஒண்ணு தானா ஓடணும்னு இப்ப கேக்குறாரு. எத்தனை எம்பின்னு இன்னும் கேட்கல.