கம்மிங்ஸ் கவிதைல கேலி யார் மேல? எக்ஸாம் எஸ்ஸேக்கு உதவி வேணும்

மின்மினி10:
அடுத்த மாசம் இங்கிலீஷ் லிட்ரேச்சர் எக்ஸாம். ஈ. ஈ. கம்மிங்ஸ் எழுதின "நெக்ஸ்ட் டு ஆஃப் கோர்ஸ் காட் அமெரிக்கா ஐ" கவிதைல தேசபக்தி வார்த்தைகள ஐரனி எப்படி கவுக்குதுனு எஸ்ஸே. நான் "கவிஞர் ஐரனி யூஸ் பண்ணி போரைக் கிண்டல் பண்றார்"னு எழுதினேன், மிஸ் பக்கத்துல "எங்க?"னு மட்டும் எழுதிட்டாங்க. எங்கனு எப்படி காட்டுறது?

சிப்பாய்மகன்:
எனக்கு இந்தக் கவிதையே பிடிக்காது. எங்கப்பா ஆர்மில இருந்தவர். "கர்ஜிக்கிற கசாப்புக்கு சிங்கம் மாதிரி பாஞ்சாங்க, நின்னு யோசிக்கல, அதுக்குப் பதிலா செத்தாங்க"னு வரி வருதே, அது செத்தவன முட்டாள்னு சொல்றது இல்லாம வேற என்ன? ஐரனினு பேர் வெச்சா எல்லாம் சரியாயிடுமா?

ராகிக்கூழ்:
ஈசி டாபிக்தான பா. விஷப்புகை வருது, மாஸ்க் மாட்ட முடியாம ஒருத்தன் துடிக்கிறான், கடைசில நாட்டுக்காக சாகுறது இனிமைங்கிற லத்தீன் வரி. அத எழுதிட்டா ஃபுல் மார்க்.

பழையபெஞ்ச்:
ராகிக்கூழ், நீங்க சொல்றது வில்ஃப்ரெட் ஓவன் கவிதை, கேட்டது வேற. ஆனா வித்தியாசம் பாப்பாவுக்கு உதவும்: ஓவன் கடைசில நேரடியாவே "அந்தப் பழைய பொய்"னு சொல்லிடுவார். கம்மிங்ஸ் கவிதைல பொய்னு யாருமே சொல்றதில்ல, நாமளே கண்டுபிடிக்கணும். மிஸ் "எங்க?"னு கேட்டது அதனாலதான்.

முதல்ல மேற்கோள் குறிய பாரு மா. முதல் வரி ஆரம்பத்துல திறக்குது, 13வது வரி முடிவுல மூடுது. அதாவது 13 வரியும் ஒரு மேடைப் பேச்சாளர் பேசுறது. 14வது வரி மட்டும் வெளில நின்னு பார்க்குற ஒருத்தர் சொல்றது: அவர் பேசினார், மடமடனு ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சார். அவ்ளோதான். அதனால "நாட்டை நேசிக்கிறேன்னு கவிஞர் சொல்றார்"னு எழுதினா எஸ்ஸே அங்கயே சாஞ்சுடும். சிப்பாய்மகன் சாருக்கும் என் பதில் இதான், அந்த வரி கவிஞரோடது இல்ல, மைக் புடிச்சவரோடது.

சிப்பாய்மகன்:
மைக் புடிச்சவனுக்கு எழுதிக் குடுத்தது யாரு சார்? கவிஞர்தானே.

தட்டச்சுப்பூச்சி:
அந்த ஆளு பாட்டு வரிய எல்லாம் பாதிப் பாதியா கடிச்சுத் துப்புறான் பாருங்க, அதுதான் ஐரனி, ரெண்டு தேசபக்திப் பாட்டு உள்ள வருது, ஒண்ணையும் முடிக்கல. ஆனா ஒண்ணு, கம்மிங்ஸ் எப்பவுமே எல்லாத்தையும் உடைச்சுத்தான் எழுதுவாரு, சின்ன எழுத்து, கமா கிடையாது, அதனால இது ஸ்பெஷலா பேச்சாளர கிண்டல் பண்ணன்னு சொல்ல முடியாது, அவர் ஸ்டைலே அப்படினு மார்க் கட் பண்ணுவாங்க.

பழையபெஞ்ச்:
முதல் பாதி சரி. ரெண்டாவதுக்கு கடைசி வரியே பதில். அங்க கேபிடல் எழுத்து வருது, ரெண்டு வாக்கியமும் ஒழுங்கா நிக்குது. ஸ்டைல் மட்டும்தான்னா அதுவும் கலைஞ்சிருக்கணும்ல? பேச்சு மட்டும்தான் மூச்சு விடாம ஓடுது.

இப்போ அந்த அரைகுறைப் பாட்டு. எங்க வெட்டுதுனு பாரு மா, இதுதான் கவிதையோட உயிர். "பில்கிரிம்களோட நிலம்"னு வந்து "அண்ட் சோ ஃபோர்த்"னு தள்ளிட்டுப் போறார், அந்தப் பாட்டுல அடுத்து வர வேண்டியது பெருமைங்கிற வார்த்தை. "விடியலோட முதல்"னு நிறுத்துறார், விட்டது ஒளி. "மை கன்ட்ரி டிஸ் ஆஃப்"னு ஆரம்பிச்சு யுகங்கள் வரும் போகும்னு தாவிடுறார், அங்க விட்டது நாட்டைக் குறிக்கிற "உன்னை"ங்கிற சொல்லும் அதுக்குப் பின்னாடி வர்ற சுதந்திரமும். பெருமை, ஒளி, சுதந்திரம் மூணும் காணோம். வேணும்னே விட்டாரானு நம்மால நிரூபிக்க முடியாது, ஆனா சுதந்திரம் பதிமூணாவது வரில திரும்ப வருது, அதுவும் கேள்வியா: சுதந்திரத்தோட குரல் ஊமையாகணுமா? இந்தக் கேள்வி ஒருத்தரையும் பேச விடாம தானே கொட்டித் தீர்த்த ஆள்கிட்ட இருந்து வருது, அங்கதான் ஐரனி கடிக்குது.

ராகிக்கூழ்:
ஓ சாரி, வேற கவிதையா. அந்த விடியல் பாட்டுதான அமெரிக்க தேசிய கீதம்? அதயும் எழுதிடலாம்ல.

தட்டச்சுப்பூச்சி:
தேசிய கீதத்தக் கேலி பண்றார்னு மட்டும் எழுதிடாத தங்கச்சி. கவிதை 1926ல வந்தது, அந்தப் பாட்டு சட்டப்படி தேசிய கீதம் ஆனது 1931ல. எல்லாருக்கும் மனப்பாடமான தேசபக்திப் பாட்டுனு எழுது, தப்பே வராது.

சிப்பாய்மகன்:
சரி, பாட்ட விடுங்க. அந்த சிங்க வரிக்கு யாரும் பதில் சொல்லல.

பழையபெஞ்ச்:
சொல்றேன் சார். இங்கிலீஷ்ல பொதுவா கசாப்புக்குப் போறது ஆட்டுக்குட்டி, சிங்கம் இல்ல. பேச்சாளர் ஆட்டுக்குட்டிய எடுத்துட்டு சிங்கத்த வெச்சார், ஆனா கசாப்ப எடுக்க மறந்துட்டார். இன்னொண்ணு, கர்ஜிக்க வேண்டியது சிங்கம், அவர் வாக்கியத்துல கர்ஜிக்கிறது கசாப்பு. பசங்க சத்தமே போடல. நாக்கு உண்மைய உளறிடுச்சு. கசாப்புங்கிற அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு எதுகையா கடைசி வரில வர்றது என்ன தெரியுமா? தண்ணி. ஸ்லாட்டர், வாட்டர். அத்தனை சாவையும் பேசிட்டு தொண்டைய நனைச்சுக்கிறார். கேலி முழுசும் அந்த கிளாஸ் மேலதான் விழுது, செத்தவங்க மேல இல்ல.

சிப்பாய்மகன்:
சிங்கம் ஆட்டுக்குட்டி நல்லாருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா "நின்னு யோசிக்கல"? அதுல உளறல் எங்க இருக்கு? நேரா சொல்றான்.

பழையபெஞ்ச்:
பேச்சாளர் அத பாராட்டாத்தான் சொல்றார். ஏன் எதுக்குனு கேக்காம உத்தரவுக்கு உயிர விட்டாங்கனு புகழ்றது பழைய மரபு, 1854ல டென்னிசன் குதிரைப்படைய அப்படித்தான் பாடினார். கம்மிங்ஸ் அதே பாராட்ட வெச்சு "அதுக்குப் பதிலா"னு ஒண்ணச் சேர்த்துட்டார். யோசிக்கிறதுக்குப் பதிலா சாவு. பாராட்டு அப்படியே குற்றப்பத்திரிகை ஆயிடுது, ஆனா குத்தம் அவங்கள யோசிக்க விடாதவங்க மேல.

சிப்பாய்மகன்:
விடாதவங்கனு கவிதைல இல்ல சார், அத நீங்க சேர்க்குறீங்க. யோசிக்கலனுதான் இருக்கு. கவிஞர் குரலும் அங்க லேசா கலந்துருக்குனு நான் நினைக்கிறேன்.

தட்டச்சுப்பூச்சி:
இதுல சிப்பாய்மகன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கு. கம்மிங்ஸ் 1917ல பிரான்ஸுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டப் போனவரு, லெட்டர்ல ஏதோ எழுதினதுக்கு அவரையும் ஃப்ரெண்டையும் பிரெஞ்சுக்காரங்க புடிச்சு மாசக்கணக்குல அடைச்சு வெச்சாங்க, குரல் ஊமையாகுறது அவருக்கு தெரிஞ்ச விஷயம். அதே சமயம் அமெரிக்கால சினிமா கொட்டகைல ரீல் மாத்துற நேரத்துல நாலு நிமிஷம் போர் ஆதரவுப் பேச்சு, அதுக்கு சுமார் 75,000 வாலன்டியர். கோவம் ரெண்டு பக்கமும் தெறிக்கலாம்.

பழையபெஞ்ச்:
இந்த வரலாறு எஸ்ஸேல ஒரு வாக்கியம் போதும். அதுக்கு மேல போனா கவிதைய விட்டுட்டு வாழ்க்கை வரலாறு எழுதுறாப்ல ஆயிடும். அந்தப் பேச்சாளர் இந்த வாலன்டியர்ல ஒருத்தர்னு எழுதவே கூடாது, கவிதைல ஆதாரம் கிடையாது.

மின்மினி10:
ரொம்ப தேங்க்ஸ். இப்படி எழுதினா ஓகேவா: "பேச்சாளர் இறந்தவர்களைச் சிங்கம் என்று புகழ்ந்தாலும் கசாப்பு என்ற சொல்லைத் தவிர்க்க முடியவில்லை. கர்ஜனையும் வீரர்களுடையது அல்ல, கசாப்புடையது. அந்தச் சொல்லோடு ஒலிக்கும் 'தண்ணீர்' கடைசி வரியில் வரும்போது, இத்தனை சாவும் அவருக்குத் தொண்டை வறண்ட விஷயமாக மட்டுமே தெரிகிறது." நின்னு யோசிக்கல வரிய எழுதவா விடவா?

பழையபெஞ்ச்:
"தெரிகிறது"க்கு பதிலா "தோன்றுகிறது"னு போடு. அவர் மனசு நமக்குத் தெரியாது, பதட்டத்துலயும் குடிச்சிருக்கலாம். அந்த வரிய எழுது, ரெண்டு விதமாவும் படிக்கலாம்னு சொல்லி நீ எந்தப் பக்கம்னு காரணத்தோட எழுது.

சிப்பாய்மகன்:
என் பக்கமும் எழுதும்மா. நான் இன்னும் மாறல.