உதவி: வாட்ஸ்அப்பில் தமிழ்ச் செய்தி மட்டும் ஒலிப்பதில்லை, பேசி எழுதினால் ஆங்கிலமாக வருகிறது

தண்டையார்பேட்டை கணக்கர்:
கண் அழுத்த நோயால் பார்வை போய்விட்டது. ஆண்ட்ராய்டு 13 உள்ள போன். எதிர்வீட்டுத் தம்பி, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் டாக்பேக்கை இயக்கிக் கொடுத்தான். விரலால் தடவி, இருமுறை தட்டித் திறப்பது எல்லாம் பழகிவிட்டது.

சிக்கல் இரண்டு. ஆங்கிலச் செய்தி என்றால் முழுவதும் படிக்கிறது. தமிழில் வந்தால் அனுப்பியவர் பெயர், நேரம் இவ்வளவுதான், நடுவில் மௌனம். இரண்டாவது, மைக்கை அழுத்தி "நாளை காலை வருகிறேன்" என்று சொன்னால் பொருளற்ற ஆங்கிலச் சொற்கள் விழுகின்றன.

இப்போதைக்குப் பேரன்தான் படித்துக் காட்டுகிறான், இந்தப் பதிவையும் அவனே தட்டச்சு செய்கிறான். என் தங்கையும் நானும் சீட்டுப் பணம் பற்றிப் பேசுவது வீடு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. யார் துணையும் இல்லாமல் நானே படித்து, நானே பதில் அனுப்ப வேண்டும்.

ராயபுரம் வாசகர்:
ஐயா, போனின் மொழியையே தமிழுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு சிக்கலும் ஒரே நேரத்தில் தீரும். என் மாமாவுக்கு அப்படித்தான் செய்தேன்.

கொடுங்கையூர் மகள்:
என் அம்மாவுக்கும் இதே நிலைதான். எழுத்தின் அளவை மிகப் பெரிதாக வைத்து, திரையை மூன்று முறை தட்டினால் பெரிதாகும்படி செய்தேன். இப்போது அவரே படிக்கிறார். நீங்களும் செய்து பாருங்கள்.

பெரம்பூர் பயிற்சியாளர்:
கொடுங்கையூர் சகோதரி, ஐயாவுக்குப் பார்வை அறவே இல்லை. உங்கள் வழி ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு.

நானும் பிறவியிலேயே பார்வை இல்லாதவன், டாக்பேக் கற்றுக்கொடுப்பது என் வேலை. ராயபுரம் நண்பர் சொன்னது பாதி சரி. போன் மொழி தமிழானால் குரலும் பெரும்பாலும் தமிழாகிவிடும். ஆனால் எல்லா மெனுவும் தமிழில் மாறிவிடுவதால், நாளை கடைக்காரரிடமோ பேரனிடமோ உதவி கேட்டால் அவர்களே திணறுவார்கள். அதைத் தொடாமலே சரிசெய்யலாம்.

ஐயா சொன்ன மௌனத்திலேயே விடை இருக்கிறது. பெயரும் நேரமும் ஒலித்து, நடுப்பகுதி மட்டும் ஒலிக்கவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் கோளாறு இல்லை. படிக்கும் குரலுக்குத் தமிழ் தெரியவில்லை, அதனால் தாண்டிப் போகிறது.

Settings-இல் Accessibility, அதற்குள் Text-to-speech output. சில போன்களில் இது வேறு இடத்தில் இருக்கும், அமைப்புகளின் தேடல் பெட்டியில் தேடினால் கிடைக்கும். முதலில் எந்தக் குரல் எஞ்சின் தேர்வாகியிருக்கிறது என்று கேளுங்கள். போன் நிறுவனத்தின் சொந்த எஞ்சினாக இருந்தால் கூகுளுடையதற்கு மாற்றுங்கள். அதன் அமைப்பில் Install voice data என்று இருக்கும்; அங்கே தமிழ் (இந்தியா) குரலைப் பதிவிறக்குங்கள். வைஃபை இருக்கும்போது செய்வது நல்லது. பிறகு மொழியைத் தமிழாக்கி, அங்கேயே உள்ள மாதிரி ஒலியை ஒருமுறை கேளுங்கள். தமிழ் ஒலித்தால் இந்தப் பாதி முடிந்தது.

பேசி எழுதுவது வேறு விஷயம். ஜிபோர்டு கீபோர்டு அப்போது எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியாகத்தான் உங்கள் பேச்சைக் கேட்கும். ஆங்கிலக் கீபோர்டு திறந்திருந்தால் நீங்கள் பேசும் தமிழை ஆங்கிலம் என்று எண்ணி எதையோ எழுதும். ஜிபோர்டு அமைப்பில் Languages பகுதியில் தமிழைச் சேருங்கள். பிறகு எழுதும் பெட்டியில் இருக்கும்போது, மொழி மாற்றும் பொத்தானைத் தொட்டுத் தமிழுக்கு வாருங்கள். கீபோர்டு திறந்திருக்கும்போது இரண்டு விரலால் இருமுறை தட்டினால் மைக் தொடங்கும், மீண்டும் அப்படியே தட்டினால் நிற்கும். பழைய டாக்பேக்கில் இது இல்லாவிட்டால் கீபோர்டின் மேல்வரிசையில் மைக் பொத்தானைத் தேடுங்கள்.

தண்டையார்பேட்டை கணக்கர்:
தமிழ் ஒலிக்கிறது தம்பி! தங்கை செய்தி முழுவதையும் நானே கேட்டேன். பேசியதும் தமிழில் விழுந்தது. ஆனால் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு செய்தி வந்து, டாக்பேக் அதைச் சத்தமாகப் படித்தது. அந்தப் பெயரும் என் செய்திக்குள் சேர்ந்துவிட்டது. மேலும், எழுதியது சரிதானா என்று தெரியாமல் அனுப்பத் துணிவு வரவில்லை. எங்கள் தெருவில் கண்டெய்னர் லாரி ஓடாத நேரமே கிடையாது.

பெரம்பூர் பயிற்சியாளர்:
மைக் உள்ள இயர்போன் மாட்டுங்கள். போனின் குரல் காதுக்குள் போய்விடும், மைக்கும் வாய் அருகே இருக்கும். பக்கத்தில் உள்ளவருக்கும் கேட்காது. ஒரு காதில் மட்டும் மாட்டினால் வீட்டில் கூப்பிடுவதும் காதில் விழும். டாக்பேக் மெனுவில் Hide screen என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் திரை கருத்துவிடும், எட்டிப் பார்ப்பவர் எதையும் படிக்க முடியாது. மூன்று விரலால் ஒருமுறை தட்டினால் அந்த மெனு வரும்.

சரிபார்க்க, எழுதிய பெட்டியைத் தொடுங்கள். உள்ளது முழுவதும் ஒலிக்கும். சொல் சொல்லாக வேண்டுமானால் மூன்று விரலால் மேலே அல்லது கீழே தள்ளி Words வரும்வரை மாற்றுங்கள். பிறகு ஒற்றை விரலால் கீழே தள்ளினால் அடுத்த சொல், மேலே தள்ளினால் முந்தைய சொல்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. எழுதும் பெட்டிக்கு வலப்பக்கம் உள்ள பொத்தானைத் தொடுங்கள். அது Send என்று சொன்னால் பெட்டியில் எழுத்து இருக்கிறது. குரல் செய்திப் பொத்தானாக ஒலித்தால் பெட்டி காலி, நீங்கள் பேசியது எதுவும் பதியவில்லை. அனுப்புமுன் திரையின் உச்சியைத் தொட்டு யார் பெயர் என்றும் கேட்டுவிடுங்கள். சீட்டுக் கணக்கு குடும்பக் குழுவுக்குப் போனால் பேரன் படித்துக்காட்டியதைவிட மோசமாகிவிடும்.

ராயபுரம் வாசகர்:
ல, ள, ழ அல்லது ண, ன மாறி விழுந்தால் காதுக்கு எப்படித் தெரியும்? "பணி", "பனி" இரண்டும் ஒன்றுபோலத்தானே ஒலிக்கின்றன?

பெரம்பூர் பயிற்சியாளர்:
நல்ல கேள்வி. சொல் சொல்லாகக் கேட்டாலும் பிடிபடாது. Characters-க்கு மாற்றி எழுத்தெழுத்தாகக் கேட்டால்தான் ஓரளவு தெரியும். அதற்கு நான் நேரம் செலவிடுவதில்லை, பெறுபவர் புரிந்துகொள்வார். தொகையையும் தேதியையும் மட்டும் விடமாட்டேன். "ஆயிரத்து ஐந்நூறு" என்று சொன்னது 1500 என விழுந்ததா என்று ஒவ்வொரு முறையும் எழுத்தெழுத்தாகக் கேட்பேன். பணம் பற்றிய செய்தியில் ஒரு சுழி போனால் தங்கையிடமே சண்டை.

தண்டையார்பேட்டை கணக்கர்:
இயர்போன் வந்ததும் பெயர் கலப்பது நின்றது. இன்று தங்கைக்கு நானே அனுப்பினேன். ஒன்று மட்டும் மிச்சம். என் அண்ணன் மகன் "naalaikku varen" என்று ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறான். தமிழ்க் குரல் அதை ஆங்கிலம்போலக் கடித்துத் துப்புகிறது.

பெரம்பூர் பயிற்சியாளர்:
இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. இந்திய ஆங்கிலக் குரலுக்கு மாற்றிக் கேட்டால் சிலருக்குச் சற்று நன்றாகப் புரிகிறது. மூன்று விரலால் தள்ளி வரும் அதே பட்டியலில் மொழித் தேர்வும் உண்டு. எனக்கு அது பெரிதாக உதவவில்லை. அவரைக் குரல் செய்தி அனுப்பச் சொல்வதுதான் நான் செய்வது.

கொடுங்கையூர் மகள்:
படமாக அனுப்பும் கல்யாணப் பத்திரிகையைப் படிக்க ஏதாவது வழி உண்டா? அம்மாவின் பார்வை இந்த ஆண்டு இன்னும் குறைந்துவிட்டது, அதனால் கேட்கிறேன்.

பெரம்பூர் பயிற்சியாளர்:
கூகுளின் லுக்அவுட் செயலி படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும். தமிழை அது படிக்கிறதா, அலங்கார எழுத்தில் எவ்வளவு தேறும் என்பதை உங்கள் பத்திரிகையிலேயே சோதித்துப் பாருங்கள். அம்மாவுக்கு டாக்பேக் கற்றுக்கொடுக்க இப்போதே தொடங்குங்கள், பார்வை மிச்சமிருக்கும்போது விரல் அசைவுகள் விரைவில் பழகும். முதலில் அணைக்கும் வழியைச் சொல்லிக்கொடுங்கள்: டாக்பேக் அமைப்பில் குறுக்குவழியை இயக்கி வைத்திருந்தால், ஒலியைக் கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் வரும்.